ஆவி வேறு, மருந்துப் புகை வேறு



ஐப்பசி அடைமழை பிடித்த வாரத்தில் திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருந்தார். பேரனுக்கு மூன்றரை வயது. மழைக்காலம் வந்தாலே சளி பிடிக்கிறது, இரண்டாம் நாள் இரவு இளைப்பு வந்துவிடுகிறது, விடிவதற்குள் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கிறது. மூன்றாவது முறை போனபோது குழந்தை மருத்துவர், "வீட்டிலேயே ஒரு நெபுலைசர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி மருந்தும் எழுதிக் கொடுத்திருக்கிறார். கடைக்குப் போனால் மேஜையில் மூன்று பெட்டிகளை வைத்தார்களாம். ஒன்று செங்கல் அளவுக்குக் கனமான மிஷின். இன்னொன்று உள்ளங்கையில் அடங்குகிற, பேட்டரியில் ஓடுகிற சின்னக் கருவி, விலை மூன்று மடங்கு. மூன்றாவது, தண்ணீர் ஊற்றி ஆவி பிடிக்கிற பிளாஸ்டிக் பாத்திரம். சில நூறு ரூபாய்தான். "இதுவும் அதே வேலையைத்தான் செய்யும், எல்லாம் மூச்சுக்குத்தானே" என்று கடைப்பையன் சொன்னதும் குழம்பிப்போய் எதையும் வாங்காமல் திரும்பிவிட்டார். "ஆசிரியர் அம்மா, நீங்கள் உங்கள் தாயாருக்கு வைத்திருந்தீர்களே, எதை வாங்கட்டும்?" என்று கேட்டிருந்தார்.

அவருக்குத் தனியாகப் பதில் போட்டுவிட்டேன். அதே கேள்வி நம் வாசகர்களில் பலருடைய வீட்டிலும் இருக்கும் என்பதால் அந்தப் பதிலையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். ஏழு வருடம் அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் அந்த மிஷினோடு உட்கார்ந்திருந்தவள் என்ற முறையிலும், அவரைப் பார்த்த நுரையீரல் மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவள் என்ற முறையிலும்.

முதலில் அந்த மூன்றாவது பெட்டியை ஓரமாக எடுத்து வைத்துவிடுவோம். கடைப்பையன் சொன்னது தவறு. ஆவி பிடிப்பது என்பது வெந்நீரின் ஈரத்தை மூக்குக்கும் தொண்டைக்கும் காட்டுவது. கெட்டிப்பட்ட சளி கொஞ்சம் இளகும், பெரியவர்களுக்கு மூக்கடைப்பில் இதமாக இருக்கும், அவ்வளவுதான். ஆஸ்துமாவில் சுருங்கிக் கிடக்கிற மூச்சுக்குழாய்களை அது விரித்துவிடாது. மருந்தை அந்தத் தண்ணீரில் ஊற்றினாலும் அது நுரையீரலுக்குப் போகாது. சிலருக்குச் சூடான ஈரக்காற்று பட்டதும் இருமல் கிளம்பி இளைப்பு கூடிவிடுவதும் உண்டு.

நெபுலைசர் செய்கிற வேலை முற்றிலும் வேறு. அதில் சூடு கிடையாது. திரவமாக இருக்கிற மருந்தை மிக நுண்ணிய துளிகளாகச் சிதறடிக்கிறது. நாம் 'புகை' என்று சொல்வது அந்தத் துளிகளைத்தான். துளியின் அளவில்தான் எல்லாம் இருக்கிறது. ஏறக்குறைய 1 மைக்ரானிலிருந்து 5 மைக்ரான் வரை இருந்தால் அது மூச்சோடு இறங்கிச் சின்னச் சின்னக் குழாய்கள் வரை போகும். அதற்கு மேல் பெரிதாக இருந்தால் நாக்கிலும் தொண்டையிலும் படிந்துவிடும், விழுங்கிவிடுவோம். நம் தலைமுடியின் பருமனே 70 மைக்ரானை ஒட்டி இருக்கும் என்றால் எவ்வளவு சிறிய துளி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆவிப் பாத்திரத்தைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம் சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டும், ஏனென்றால் அதில் ஆபத்து இருக்கிறது. கடைகளில் மலிவாகக் கிடைக்கிற பல பாத்திரங்களில் தண்ணீரைச் சூடாக்க மூடிய கம்பிச்சுருள் கிடையாது. இரண்டு உலோகத் தகடுகள் நேரடியாகத் தண்ணீரில் நிற்கும். மின்சாரம் தண்ணீர் வழியாகவே ஓடி அதைக் கொதிக்க வைக்கிறது. ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றினால் ஆவி வராமல் போவதும், ஒரு சிட்டிகை உப்புப் போட்டதும் பொங்கி வருவதும் இதனால்தான். உங்கள் வீட்டுப் பாத்திரம் அப்படி நடந்துகொண்டால் அது அந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். ஓடும்போது அந்தத் தண்ணீரில் மின்சாரம் இருக்கிறது. பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்காமல் மூடியைத் திறக்கவோ தண்ணீர் சேர்க்கவோ கூடாது.

இரண்டாவது விஷயம், குழந்தைகள். போர்வைக்குள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வேது பிடிக்கிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அன்போடு செய்கிறோம். ஆனால் பாத்திரம் ஒருமுறை சாய்ந்தால் கொதிநீர் தொடையிலும் வயிற்றிலும் கொட்டும். தீக்காயப் பிரிவில் வேலை பார்க்கும் எந்தச் செவிலியரைக் கேட்டாலும் இப்படி வந்த பிள்ளைகளைப் பற்றிச் சொல்வார். தண்ணீரில் கற்பூரம் போடுகிற வழக்கமும் இருக்கிறது. கற்பூரம் சிறு குழந்தையின் வாய்க்குள் போனால் கொஞ்சமே ஆனாலும் வலிப்பு வரவழைக்கக்கூடியது. ஆகவே சின்னப் பிள்ளைகளுக்கு ஆவி வேண்டவே வேண்டாம். பெரியவர்களுக்கு வேண்டுமானால் மேஜைமேல் ஆடாமல் வைத்து, வெறும் தண்ணீரில், முகத்தை ஒரு முழம் தள்ளி வைத்துப் பிடித்துக்கொள்ளலாம்.

இனி நெபுலைசருக்கு வருவோம். செங்கல் அளவு என்று வாசகி எழுதினாரே, அது கம்ப்ரெஸர் வகை. உள்ளே ஒரு சின்ன காற்றடிப்பான் இருக்கிறது. அது காற்றை ஒரு குழாய் வழியாக மருந்துக் குப்பிக்குள் வேகமாக அனுப்புகிறது. குப்பியின் அடியில் ஊசிமுனை போல ஒரு துளை. அதன் வழியே பாயும் காற்று மருந்தை மேலே இழுத்துச் சிதறடிக்கிறது. ஆஸ்பத்திரியில் பார்ப்பதும் அடிப்படையில் இதே குப்பிதான். இரண்டாவது, பேட்டரியில் ஓடும் கைக்கருவி. அதற்கு மெஷ் நெபுலைசர் என்று பெயர். ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உள்ள ஒரு மெல்லிய உலோகச் சல்லடை அதிர்ந்து, மருந்தை அந்தத் துளைகள் வழியே பிதுக்கித் துளியாக்குகிறது. இவை தவிர அல்ட்ராசோனிக் என்று ஒரு வகையும் உண்டு. அது ஒலியதிர்வில் ஓடும், சத்தம் வராது. ஆனால் மருந்தைச் சூடாக்கிவிடும். புடெசோனைடு போன்ற, தண்ணீரில் கரையாமல் பால் போலக் கலங்கி நிற்கிற ஸ்டீராய்டு மருந்துகளை அது சரியாகத் துளியாக்காது. இளைப்புள்ள குழந்தைகளுக்கு அந்த மருந்தைத்தான் அதிகம் எழுதுவார்கள் என்பதால் அந்த வகையை விட்டுவிடலாம்.

ஆக, கம்ப்ரெஸரா மெஷ்ஷா என்பதுதான் கேள்வி. கடையில் எல்லோரும் முதலில் கேட்பது சத்தத்தைப் பற்றி. கம்ப்ரெஸர் ஓடும்போது 55 முதல் 65 டெசிபல் வரை சத்தம் வரும். நாம் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிற அளவு சுமார் 60. பகலில் அது பெரிய சத்தமில்லை. இரவு இரண்டு மணிக்கு, ஒரே அறையில் நாலு பேர் படுத்திருக்கிற வீட்டில், மூச்சு வாங்கிப் பயந்துபோயிருக்கிற மூன்று வயதுப் பிள்ளையின் காதருகே அது பெரிய சத்தம்தான். பெட்டியில் ஒரு மிஷினுக்கு 62 என்றும் இன்னொன்றுக்கு 52 என்றும் போட்டிருந்தால் வித்தியாசம் பத்துதானே என்று நினைக்காதீர்கள். பத்து டெசிபல் குறைந்தால் நம் காதுக்குச் சத்தம் பாதியாகக் குறைந்தது போலக் கேட்கும். மெஷ் வகையில் சத்தமே தெரியாது.

சத்தத்தைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சத்தத்துக்குப் பயந்து குழந்தை அழுதால் மருந்து வீணாகிறது. அழும் குழந்தை வீறிட்டு நீளமாக மூச்சை வெளியே விடுகிறது, நடுவில் வெடுக்கென்று ஒரு மூச்சு இழுக்கிறது. அந்த வேகத்தில் துளிகள் தொண்டையிலேயே மோதி நின்றுவிடுகின்றன. "அழுதால் நன்றாக உள்ளே இழுக்கும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது உண்மையல்ல. மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, மெதுவாக மூச்சுவிடும்போதுதான் மருந்து இறங்கும். திண்டுக்கல் பாட்டிக்கு நான் எழுதிய யோசனை இது: மிஷின் வாங்கிய அன்றைக்கே, பிள்ளை நன்றாக விளையாடிக்கொண்டிருக்கிற நேரத்தில், மருந்து ஊற்றாமல் சும்மா ஓட்டிக் காட்டுங்கள். அவனையே சுவிட்சைப் போட விடுங்கள். மாஸ்க்கைப் பொம்மைக்கு வைக்கட்டும். மிஷினை நான்காக மடித்த துண்டின்மேல், குழாய் எட்டும் தூரத்தில் தள்ளி வைத்தால் தரை அதிர்கிற சத்தம் குறையும். காற்று போகிற துவாரத்தைத் துணி மூடிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாஸ்க்கையும் சொல்ல வேண்டும். குழந்தை சிணுங்குகிறது என்று மாஸ்க்கை முகத்திலிருந்து ஒரு விரற்கடை தள்ளிப் பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். புகை மூக்குக்கு நேரே போவது கண்ணுக்குத் தெரிவதால் போதும் என்று தோன்றும். ஆனால் அந்த ஒரு விரற்கடையிலேயே உள்ளே போகிற மருந்து வெகுவாகக் குறைந்துவிடுகிறது. மாஸ்க் கன்னத்தோடு படிய வேண்டும். அதனால் வாங்கும்போது பெட்டிக்குள் குழந்தை மாஸ்க் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். பெரியவர் மாஸ்க்கைக் குழந்தைக்கு வைத்தால் ஓரமெல்லாம் இடைவெளி விழும். நாலைந்து வயதுக்கு மேல், உதட்டால் கவ்வத் தெரிந்த பிள்ளைக்கு மாஸ்க்கைவிட வாயில் வைக்கிற மவுத்பீஸ் நல்லது. மூக்கு நடுவில் வடிகட்டாது. கண்ணிலும் மருந்து படாது. கண் அழுத்த நோய் உள்ள பெரியவர்களுக்கு இப்ராட்ரோபியம் கலந்த மருந்து கொடுக்கும்போது இது ரொம்ப முக்கியம். மாஸ்க்கின் மேல் ஓரத்தில் கசிந்து கண்ணில் பட்டால் அழுத்தம் ஏறிவிடக்கூடும்.

சத்தத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் மெஷ் வகையையே வாங்கிவிடலாம் என்று தோன்றும். பிறகு ஏன் வாசகிக்குக் கம்ப்ரெஸரைச் சொன்னேன் என்றால், கழுவுகிற வேலைக்காகத்தான். இங்கே என் அம்மாவின் கதையைச் சொல்லாமல் முடியாது.

அம்மாவுக்கு நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய். விறகடுப்பில் நாற்பது வருடம் ஊதியவர். தினம் இரண்டு வேளை மருந்து. ஆரம்பத்தில் எட்டு நிமிடத்தில் முடிந்தது. சில மாதம் கழித்துப் பத்தாயிற்று, பன்னிரண்டாயிற்று. ஒரு கார்த்திகை மாதம் இருபது நிமிடம் ஓடியும் குப்பியில் மருந்து அப்படியே நிற்கிறது. அம்மாவுக்கு இளைப்பு அடங்கவில்லை. நோய்தான் முற்றிவிட்டது என்று நாங்கள் பயந்துபோனோம். மிஷின் போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்றார்கள் நாங்கள் வாங்கிய கடையில். வீட்டுக்கு வந்த செவிலியர் ஒருவர்தான் குப்பியிலிருந்து குழாயைக் கழற்றி, அதன் முனையை என் உள்ளங்கையில் வைத்து மிஷினை ஓட்டினார். காற்று பலமாக அடித்தது. "மிஷின் நன்றாக இருக்கிறது அக்கா, குப்பியைப் பாருங்கள்" என்றார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அடியிலிருந்த ஊசித்துளையைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக மருந்து காய்ந்து படிந்திருந்தது. மூடியின் உட்புறம் ஒரு வழுவழுப்பு. லேசான புளித்த வாடை. மருந்து முடிந்ததும் குப்பியை ஒரு அலசு அலசி, ஈரத்தோடு பையில் போட்டு ஜிப்பை இழுத்து வைத்துக்கொண்டிருந்தோம் நாங்கள். கிருமி வளர அதைவிட வசதி வேண்டாம். அந்தக் குப்பியிலிருந்து கிளம்புகிற ஒவ்வொரு துளியும் அம்மாவின் நுரையீரலுக்கு நேராகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

அன்றிலிருந்து கடைப்பிடித்த முறையைச் சொல்கிறேன். ஒவ்வொரு முறை முடிந்ததும் குப்பியை மூன்று பாகமாகக் கழற்ற வேண்டும். மிச்சமிருக்கிற மருந்தைக் கொட்டிவிட வேண்டும், அடுத்த வேளைக்கு வைக்கக் கூடாது. குப்பி, மூடி, மாஸ்க் மூன்றையும் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் ஒரு சொட்டு விட்டுக் கழுவி, நன்றாக அலசி, உதறி, சுத்தமான துணிமேல் பரப்பித் தானாகக் காயவிட வேண்டும். துடைக்க வேண்டாம், துணியின் நூல் துளையில் மாட்டும். குழாயைத் தண்ணீரில் போடவே கூடாது. அதன் உட்புறம் காயாது. குழாய்க்குள் ஈரம் பூத்திருந்தால் குப்பியைக் கழற்றிவிட்டு வெறும் குழாயோடு மிஷினை இரண்டு மூன்று நிமிடம் ஓட்டினால் காற்றே உலர்த்திவிடும். தினமும் உபயோகிக்கிற வீடாக இருந்தால், கழுவிய குப்பியை நாளுக்கு ஒரு தடவையாவது கொதிநீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுப்பது நல்லது. ஆனால் கொதிக்க வைக்கலாமா என்று கையேட்டில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். எல்லாக் குப்பியும் தாங்காது, மெல்லிய மாஸ்க் சுருங்கிவிடும். மிஷினின் பக்கவாட்டில் விரல்நுனி அளவில் ஒரு பஞ்சு வடிகட்டி இருக்கும். அது வெள்ளையிலிருந்து சாம்பல் நிறத்துக்கு மாறினால் கழுவாமல் புதிது போட வேண்டும்.

கம்ப்ரெஸர் வகையில் இது எல்லாமே எளிது. குப்பி பழசானால் புதுக்குப்பி கொஞ்சப் பணத்துக்கு எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். மெஷ் வகையில் அந்தச் சல்லடைதான் உயிர். விரல் படக்கூடாது, பஞ்சுக் குச்சியால் தேய்க்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் அதற்கென்று சொல்லியிருக்கிறபடி சுத்தமான நீரை ஓட்டிச் சல்லடையைக் கழுவியாக வேண்டும். புடெசோனைடு போன்ற கலங்கல் மருந்து காய்ந்துபோனால் துளைகள் அடைத்துக்கொள்ளும். சல்லடையை மாற்ற ஆகும் செலவில் பாதி கம்ப்ரெஸரே வாங்கிவிடலாம். பாட்டியும் தாத்தாவும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்கிற வீட்டில், நடு இரவில் தூக்கக் கலக்கத்தில், அவ்வளவு பதமாகக் கையாள முடியுமா என்று யோசித்தேன். அதனால்தான் பாட்டிக்குக் கம்ப்ரெஸர். அதே சமயம், வேலைக்குப் போகிற இடத்திலோ ரயிலிலோ மருந்து எடுக்க வேண்டியவருக்கும், மின்சாரம் அடிக்கடி போகிற ஊரில் இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்கும், கருவியைத் தானே பொறுமையாகக் கழுவத் தெரிந்த பெரியவருக்கும் மெஷ் வகைதான் பொருத்தம். பணம் கொடுத்தது வீண்போகாது.

கடையில் பெட்டியைத் திருப்பிப் பார்க்கும்போது மூன்று விஷயத்தைத் தேடுங்கள். துளி அளவு 5 மைக்ரானுக்குக் குறைவு என்று போட்டிருக்கிறதா? காற்றோட்டம் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டரை ஒட்டி இருக்கிறதா? மருத்துவக் கருவி என்ற முறையில் உற்பத்தி அல்லது இறக்குமதி உரிம எண் அச்சாகியிருக்கிறதா? கரடி, ரயில் வடிவத்தில் குழந்தைகளுக்கென்று வருகிற மிஷின்களிலும் இதே மூன்றைத்தான் பார்க்க வேண்டும், வடிவத்துக்காகத் தனிச் சிறப்பு ஒன்றுமில்லை. சில மிஷின்களில் '20 நிமிடம் ஓட்டினால் 40 நிமிடம் ஓய்வு' என்று எழுதியிருக்கும். வீட்டில் இரண்டு பேருக்கு அடுத்தடுத்து வைக்க வேண்டியிருந்தால் அதையும் கவனியுங்கள்.

இன்னொன்றும் உண்டு, கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். குப்பியில் ஊற்றுகிற மருந்து முழுவதும் உள்ளே போவதில்லை. எந்தக் குப்பியிலும் கடைசியில் கொஞ்சம் சுவரில் ஒட்டி நின்றுவிடும். பல குப்பிகளில் அது 1 மில்லி வரை. இரண்டரை மில்லி மருந்தில் 1 மில்லி நின்றால் ஐந்தில் இரண்டு பங்கு போயிற்று. சில மருத்துவர்கள் கூடவே சலைன் கலக்கச் சொல்வது இதற்காகத்தான். மொத்தம் 4 மில்லியாக ஆக்கினால் நிற்கிற 1 மில்லியில் மருந்தின் பங்கு கால்தான். ஆனால் நேரம் அதற்கேற்பக் கூடும், அதுவரை பிள்ளை பொறுக்க வேண்டும். எனவே கலப்பதா வேண்டாமா, எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். குப்பி சடசடவென்று விட்டு விட்டுச் சத்தம் போட ஆரம்பித்ததும் பக்கவாட்டில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினால் ஒட்டிய துளிகள் கீழே இறங்கும். மறுபடி சடசடத்தால் முடிந்தது என்று நிறுத்திவிடலாம்.

கலப்பதற்கென்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் 0.9 சதவீத நார்மல் சலைன் மட்டும்தான். குழாய்த் தண்ணீர், கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர், வாலை வடித்த தண்ணீர் எதுவும் கூடாது. உப்பில்லாத தண்ணீர் துளியாகி உள்ளே போனால் ஆஸ்துமாக்காரர்களின் மூச்சுக்குழாய் உடனே சுருங்கிக்கொள்ளும். தைலம், யூகலிப்டஸ் எண்ணெய், நாட்டுமருந்துச் சாறு இவற்றைக் குப்பியில் ஊற்றுவதும் அப்படித்தான். எண்ணெய்த் துளி நுரையீரலில் தங்கினால் ஒருவகை நிமோனியாவே வரும். சலைன் மட்டும் வைத்தால் சளி கரையும் என்று தினம் மூன்று வேளை வைக்கிற வீடுகளும் உண்டு. மருத்துவர் சொல்லாமல் அதுவும் வேண்டாம்.

மருத்துவரிடம் என்ன கேட்டுக்கொண்டு வர வேண்டும் என்பதையும் பாட்டிக்கு எழுதினேன். "இந்தப் பிள்ளைக்கு நெபுலைசர் அவசியமா, இன்ஹேலரும் ஸ்பேசரும் போதாதா?" என்பது முதல் கேள்வி. உயிருக்கு ஆபத்தான கட்டம் இல்லாத இளைப்பில், மாஸ்க் வைத்த ஸ்பேசர் வழியாக இன்ஹேலரை அடிப்பது நெபுலைசர் அளவுக்கே பலன் தருகிறது என்று இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதற்கு மின்சாரம் வேண்டாம், சத்தம் இல்லை, சோப்புத் தண்ணீரில் கழுவிக் கவிழ்த்தால் போதும். நிறைய வீடுகளில் மிஷினே தேவைப்படாது. "இன்ஹேலர் பழக்கமாகிவிடும்" என்ற பயத்தில் அதை ஒதுக்கிவிட்டு நெபுலைசருக்குப் போகிறவர்கள், அதில் இருப்பதும் பெரும்பாலும் அதே மருந்துதான், அளவு அதைவிடக் கூட என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்த கேள்வி, எந்த மருந்து உடனடியாக இளைப்பை அடக்குவது, எது தினமும் வைத்துத் தடுப்பது என்பது. சால்பூடமால், லெவோசால்பூடமால் போன்றவை உடனே விரிப்பவை. வைத்த பிறகு கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், குழந்தை ஒரு மணி நேரம் துருதுருவென்று இருக்கும். புடெசோனைடு மெதுவாக வேலை செய்வது, நடு இரவு இளைப்புக்கு அதை மட்டும் வைத்துக் காத்திருக்கக் கூடாது. அதை வைத்து முடித்ததும் வாய் கொப்பளிக்க வைத்து, மாஸ்க் பட்ட இடத்தை ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும். இரண்டும் கைவிரல் அளவு பிளாஸ்டிக் குப்பிகளில்தான் வருகின்றன, இரவில் மாறிப்போகும். வேறு வேறு டப்பாவில் போட்டுப் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

கடைசியாக, எப்போது மிஷினை நிறுத்திவிட்டு வண்டியை எடுக்க வேண்டும் என்பது. எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். வீட்டில் மிஷின் இருக்கிறது என்ற தைரியத்தில் இன்னொரு முறை, இன்னொரு முறை என்று வைத்துக்கொண்டே விடியும்வரை காத்திருந்து விடுகிறார்கள். வீட்டு மிஷின் அறையில் இருக்கிற சாதாரணக் காற்றைத்தான் அனுப்புகிறது. அதில் ஆக்சிஜன் 21 சதவீதம், நாம் சும்மா இழுக்கிற காற்றில் இருப்பதேதான். ஆஸ்பத்திரியில் அதே குப்பியை ஆக்சிஜன் குழாயில் மாட்டி ஓட்டுவார்கள். 2021 ஏப்ரலில் ஆக்சிஜனுக்கு நாடே அலைந்தபோது, நெபுலைசரை ஆக்சிஜன் சிலிண்டருக்குப் பதிலாக உபயோகிக்கலாம் என்று ஒரு வீடியோ கைபேசிகளில் பரவியது. எத்தனை பேர் அதை நம்பினார்கள்! அது பொய்.

பிள்ளையின் சட்டையைத் தூக்கிப் பாருங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவிலும் தொண்டைக்குழியிலும் சதை உள்ளே இழுத்தால், ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடியாவிட்டால், பால் குடிக்க முடியாவிட்டால், உதடு நீலம் பாய்ந்தால், துவண்டு தூங்கித் தூங்கி விழுந்தால் உடனே கிளம்ப வேண்டும். மருந்து வைத்தும் தணியாவிட்டாலும், தணிந்த இளைப்பு மூன்று நான்கு மணி நேரத்துக்குள் திரும்பி வந்தாலும் அப்படியே. வீசிங் சத்தம் திடீரென்று நின்றுபோய்ப் பிள்ளை சோர்ந்து கிடந்தால், சரியாகிவிட்டது என்று எண்ணாதீர்கள். சத்தம் வருகிற அளவுக்குக்கூடக் காற்று ஓடவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம்.

பாட்டியிடமிருந்து போன வாரம் மறுகடிதம் வந்தது. மருத்துவர் அவருடைய கேள்விகளையெல்லாம் கேட்டுவிட்டு, அவசரத்துக்கு முதலில் ஸ்பேசர் போதும் என்று சொல்லி மாஸ்க் வைத்த ஸ்பேசரை எழுதிக் கொடுத்திருக்கிறார். தினமும் வைக்கிற மருந்துக்கு இப்போதைக்குக் கம்ப்ரெஸர், மார்கழி முடிந்ததும் அதையும் இன்ஹேலருக்கு மாற்றிப் பார்க்கலாம் என்றிருக்கிறார். மிஷின் பெட்டியின் மூடிக்குள் பாட்டி ஒரு தாளை ஒட்டி வைத்திருக்கிறாராம். தேதி, மணி, எந்த மருந்து, எத்தனை நிமிடம் ஓடியது என்று நான்கு கட்டம். அதன் நகலையும் எனக்கு அனுப்பியிருந்தார். முதல் வாரம் முழுக்க ஏழு, எட்டு, ஏழு என்று நிமிடங்கள். ஒன்பதாம் நாள் பதினொன்று. பக்கத்தில் சிறிய எழுத்தில் 'குப்பி சரியாகக் கழுவவில்லை, தாத்தா முறை' என்று எழுதி, அடுத்த வரியில் மறுபடி ஏழு.

அன்புடன்,
ஆசிரியர்